மூக்கு இல்லாமல் அத்தர் விற்ற மூன்று மாதம்

சுதர்சினிக்குக் காய்ச்சல் வந்தது ஜனவரி கடைசியில். மூன்று நாள் படுத்தாள், நான்காம் நாள் எழுந்து கஞ்சி குடித்தாள், ஆறாம் நாள் வேலைக்குப் போகத் தயாரானாள். அன்று காலை அடுப்பில் வைத்த பால் பொங்கி அடிப்பிடித்துக் கருகியது. கொட்டாஞ்சேனையில் அவர்கள் குடியிருந்த இரண்டு அறை வீட்டின் முன்பக்கத்தில் சப்பாத்துக் கயிறு கட்டிக்கொண்டிருந்த அவள் கணவன் தனுஷன் குசினிக்கு ஓடி வந்தான். அவள் அடுப்புக்கு ஓரடி தள்ளி நின்று தலை வாரிக்கொண்டிருந்தாள்.

"என்னா சுதா, வீடே கருகுது. ஒனக்குத் தெரியலயா?"

"யோசனையில இருந்துட்டேன்" என்றாள்.

யோசனையில் இருக்கவில்லை. அவளுக்கு அந்தக் கருகல் வாசம் வரவேயில்லை. தனுஷன் துறைமுகத்துக்குக் கொண்டெய்னர் லொறி ஓட்டக் கிளம்பியபின், வீட்டில் இருந்த ஒவ்வொன்றையும் எடுத்து மூக்கில் வைத்துப் பார்த்தாள். சவர்க்காரம், கறிவேப்பிலை, பூண்டு, மண்ணெண்ணெய்ப் போத்தல். எல்லாம் தண்ணீரை முகர்வதுபோல இருந்தது. இரண்டு நாளில் சரியாகிவிடும் என்று நினைத்துக்கொண்டு பஸ் ஏறினாள்.

வேறு வேலையில் இருந்தால் அது அவ்வளவு பெரிய விஷயம் இல்லை. சுதர்சினி வேலை செய்தது வெள்ளவத்தையில், காலி வீதியில் ஓர் அத்தர், வாசனைத் திரவியக் கடையில். கடை ஸீனத் என்ற அம்மாவுடையது. ஐம்பத்தைந்து வயது, கணவர் இறந்தபின் கடையைத் தானே நடத்துகிறவர். சுதர்சினி மஸ்கெலியாவிலிருந்து பத்தொன்பது வயதில் கொழும்புக்கு வந்து முதலில் ஒரு புடவைக் கடையில் நின்றாள். ஒருநாள் ஸீனத் அந்தக் கடைக்குப் புடவை எடுக்க வந்தபோது, "நீங்க ரோஜா அத்தர் போட்டிருக்கீங்க மேடம், அதுக்கு அடியில சந்தனம் இருக்கு, ஆனா சுத்தச் சந்தனம் இல்ல" என்று சொல்லிவிட்டாள். ஸீனத் அடுத்த மாதமே அவளைத் தன் கடைக்குக் கூட்டி வந்தார். அது நடந்து ஒன்பது வருடமாகிவிட்டது. வருகிற சரக்கில் எது அசல், எதில் கலப்படம், எந்தப் போத்தல் பழசு என்று முகர்ந்து சொல்வது சுதர்சினியின் வேலை.

அப்படிப்பட்டவள் கடைக்குப் போய் முதலாளி அம்மாவிடம் எதுவும் சொல்லவில்லை. சொன்னால் என்ன ஆகும் என்று அவள் நினைத்துப் பார்த்திருந்தாள். மூக்கு இல்லாத பெண்ணுக்கு அத்தர் கடையில் என்ன வேலை?

இரண்டு நாள் இரண்டு வாரமாகியது. கோட்டையில் இறங்கி பஸ் மாறும்போது மீன் பெட்டி தூக்கிப் போகிறவர்கள் அவளை உரசிக்கொண்டு போனாலும் ஒன்றும் தெரியவில்லை. சாப்பாட்டில் உப்பும் உறைப்பும் மட்டும் நாக்குக்குத் தெரிந்தது. ஆனால் ஒன்பது வருடம் கற்றது தலைக்குள் இருந்தது. எந்தப் போத்தலில் முதலில் என்ன கிளம்பும், அரை மணி கழித்து என்ன நிற்கும், சாயங்காலம் தோலில் என்ன மிஞ்சும் என்று அவளுக்கு மனப்பாடம். முகர்ந்து சொல்ல முடியாததால், வருகிறவர்களிடம் கேட்கத் தொடங்கினாள்.

அப்படிக் கேட்கப்பட்டவர்களில் ஒருவர் யதுஷா. கொட்டாஞ்சேனையில் ஒரு பள்ளிக்கூடத்தில் ஆசிரியை.

"எனக்கு நல்ல மணமா, கனநேரம் நிக்கிற மாதிரி ஒண்டு வேணும். முந்தி ஒண்டு வாங்கினனான், காலமை அசெம்பிளி முடியிறதுக்குள்ள ஒண்டும் இல்லை" என்றார்.

"அது என்ன டீச்சர், பெரிய போத்தலா? ஸ்ப்ரேயா?"

"ஓம், பெரிய போத்தல். மலிவு."

"அது பொடி மிஸ்ட் டீச்சர், உடம்புக்கு அடிக்கிறது. அதுல வாசனை எண்ணெய் நூத்துக்கு ரெண்டு மூணுதான் இருக்கும், மிச்சம் ஸ்பிரிட்டும் தண்ணியும். வெயில்ல ஸ்பிரிட் டக்குனு பறந்துடும், இருக்குற கொஞ்ச வாசமும் அதோட போயிடும். உங்க வகுப்புல ஏசி இருக்கா?"

"ஏசியா? ரெண்டு ஃபேன், அதிலயும் ஒண்டு சுத்தாது."

"பிள்ளைங்களுக்குப் பக்கத்துல நின்னு படிப்பிப்பீங்களா, பலகைகிட்டயா?"

யதுஷா சிரித்துவிட்டார். "இதெல்லாம் ஏன் கேக்கிறீங்கள்?"

"பக்கத்துல நிக்கிறவங்க கடுமையானதைப் போட்டா பிள்ளைங்களுக்குத் தலை வலிக்கும் டீச்சர். வனிலா, ஊத்னு சொல்ற அகில், அம்பர் மாதிரிக் கனமானது ஏசியில நல்லா இருக்கும். வேர்வையோட சேர்ந்தா ரெண்டு மடங்கு எழும்பும், திகட்டும். எலுமிச்சை, தோடம்பழம் மாதிரி லேசானது சூட்டுக்கு நல்லது, ஆனா அரை மணி தாண்டாது. அதனால கீழ வெட்டிவேரோ சந்தனமோ இருக்கறதைத்தான் எடுக்கணும். 'யூ டி பர்ஃபம்'னு போட்டிருக்கறதுல எண்ணெய் நூத்துக்குப் பதினஞ்சு, இருபது இருக்கும். ரெண்டு தடவை அடிச்சாப் போதும்."

அவள் வழக்கம்போலக் கடதாசித் துண்டில் அடித்துக் காட்டவில்லை. ஒரு மணிக்கட்டில் ஒன்று, மறு மணிக்கட்டில் மற்றொன்று போட்டு, "தேய்க்காதீங்க. அப்படியே கடற்கரைப் பக்கம் நடந்துட்டு ஒரு மணித்தியாலம் கழிச்சு வாங்க. ஏசிக்குள்ள நின்னு முடிவெடுத்தா வெளியில போய் ஏமாந்துடுவீங்க" என்றாள்.

யதுஷா மரைன் டிரைவ் வரை வெயிலில் நடந்துவிட்டு வந்து வலது கையைக் காட்டினார். "இதுதான். மற்றது இனிச்சுப்போய்க் கிடக்குது."

இப்படி ஒரு மாதத்தில் கடைக்குத் திரும்பி வருகிறவர்கள் கூடினார்கள். ஸீனத் கல்லாவில் இருந்தபடி பார்த்து, "இப்ப நீ முந்தியவிட நல்லா யாவாரம் பண்றாய் புள்ள" என்றார். சுதர்சினி திரும்பிக்கொண்டு போத்தல்களைத் துடைக்கத் தொடங்கினாள். அன்றிரவு தனுஷனிடம் மட்டும் உண்மையைச் சொன்னாள். அவன், "டொக்டர்கிட்ட போவோம்" என்றான். "போவோம்" என்றாள். போகவில்லை. டொக்டர் திரும்ப வராது என்று சொல்லிவிட்டால் என்ன செய்வது என்ற பயம்.

மார்ச்சில் ஸீனத் உம்றா யாத்திரைக்கு மக்கா போனார். பதினாறு நாள் கடை சுதர்சினியின் பொறுப்பு.

கடை காலி வீதியின் கிழக்குப் பக்கத்தில், கடலைப் பார்த்து இருந்தது. பிற்பகல் மூன்று மணிக்குப் பிறகு வெயில் கண்ணாடி வழியாக நேரே உள்ளே விழும். காட்சிக்கு வைக்கிற போத்தல்களை மாதம் ஒருமுறை மாற்ற வேண்டும், மாற்றும்போது ஒவ்வொன்றையும் முகர்ந்து பார்க்க வேண்டும் என்பது கடை வழக்கம். சூடும் வெளிச்சமும் பட்டால் வாசனைத் திரவியம் கெடும். அதிலும் எலுமிச்சை, தோடம்பழ வகைகள்தான் முதலில் கெடும். காய்ச்சலுக்குப் பிறகு சுதர்சினி போத்தல்களைத் துடைத்து வைத்தாளே தவிர, மாற்றவில்லை. முகர்ந்தும் பயனில்லை என்று அந்த வேலையையே தள்ளிப் போட்டிருந்தாள்.

ஒரு சனிக்கிழமை சயந்தன் என்ற இளைஞன் வந்தான். கொள்ளுப்பிட்டியில் ஒரு கணினி நிறுவனத்தில் வேலை. ஏப்ரலில் கல்யாணம். அதற்கு முன் நிச்சயதார்த்தத்துக்குப் பெண்ணுக்கு ஒரு பரிசு வேண்டும். கண்ணாடிக்குப் பின்னால் இருந்த தோடம்பழப் பூ போத்தலைக் காட்டினான். அந்த வகையில் கடையில் இருந்த கடைசிப் போத்தல் அது.

சுதர்சினி கடதாசித் துண்டில் அடித்துக் கொடுத்தாள். அவன் முகர்ந்து முகத்தைச் சுளித்தான்.

"கொஞ்சம் கடுமையா இருக்கு அக்கா."

அவளும் வாங்கி மூக்கில் வைத்தாள். ஒன்றும் இல்லை. ஒரு கணம் தயங்கினாள். பிறகு ஒன்பது வருடப் பழக்கத்தில் வாய் தானாகச் சொன்னது.

"அது ஸ்பிரிட் தம்பி. முதல் வாசம் அப்படித்தான் அடிக்கும். பத்து நிமிசத்துல போயிடும், அப்புறம்தான் பூ எழும்பும்."

புதுப் போத்தலாக இருந்தால் அது சரியான பதில். அவன் நம்பி வாங்கிக்கொண்டு போனான்.

பன்னிரண்டு நாள் கழித்து ஒரு பெண் தனியாகக் கடைக்குள் வந்தாள். அதே போத்தல் கையில். ஸீனத் உம்றா முடிந்து திரும்பி இரண்டாம் நாள் அது, கல்லாவில் இருந்தார். வந்தவள் சால்வையை விலக்கிக் கழுத்தைக் காட்டினாள். இரண்டு பக்கமும் தோல் சிவந்து, சின்னச் சின்னப் பொரிப்பொரியாக இருந்தது.

"என்ர பேர் தாரிகா. சயந்தன் உங்களிட்டைத்தான் இதை வாங்கினவர். நிச்சயதார்த்தத்து அண்டைக்குப் போட்டனான். எல்லாரும், நெயில் பொலிஷ் கொட்டிட்டியா எண்டு கேட்டவை. நான் கழுவிட்டன், ஆனா அடுத்த நாள் இப்பிடி வந்திட்டுது. டொக்டர் சொல்லுறார், பழுதான சென்ட் எண்டா சில பேருக்கு இப்பிடி வரும் எண்டு." போத்தலைச் சுதர்சினியின் பக்கம் நகர்த்தினாள். "நீங்கள் தரேக்குள்ள மணந்து பாத்தனீங்கள்தானே? இப்பவும் மணந்து பாருங்கோ."

சுதர்சினி மூடியைத் திறந்து மூக்கில் வைத்தாள். தாரிகா அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஸீனத் எழுந்து வந்து போத்தலை வாங்கி ஒருமுறை முகர்ந்து, சட்டென்று தள்ளிப் பிடித்தார்.

"யா அல்லாஹ், இது புளிச்சுப் போயிருக்குதே. சுதர்சினி, இதையா நீ வித்தாய்?"

இன்னொரு பொய்க்கு இடம் இருந்தது. சரக்கு கொடுத்தவன் பழசைத் தந்துவிட்டான் என்று சொல்லலாம், வீட்டில் வெயிலில் வைத்திருப்பார்கள் என்று சொல்லலாம். சுதர்சினி போத்தலின் மூடியை மேசையில் வைத்தாள்.

"எனக்குத் தெரியலீங்க மேடம். எனக்கு வாசமே தெரியாது. காய்ச்சல் வந்ததுல இருந்து. ரெண்டு மாசத்துக்கு மேல ஆச்சு."

ஸீனத் போத்தலை மேசையில் வைத்தார்.

"ரெண்டு மாசமா?" என்றார் ஸீனத். "ரெண்டு மாசமா என் கடையில மணம் தெரியாம நின்டு மத்தவங்களுக்கு மணம் சொன்னியா?"

"வேலை போயிடும்னு பயந்துட்டேன்."

"மூக்கு போனதுக்கு நான் என்னத்த செல்ல? அது அல்லாஹ் போட்ட சோதனை. செல்லாம மறச்சு ஈந்தியே, அதுதான் எனக்குத் தாங்க ஏலாம ஈக்கி. நீ ஒரு சொல்லுச் செல்லியிருந்தா, நான் போறதுக்கு முந்தி அந்தக் கண்ணாடிப் போத்தலெல்லாம் நானே மணந்து பாத்திருப்பேன். இந்தப் புள்ளைட கழுத்த பாரு."

சுதர்சினி பார்த்தாள். பார்த்தபின்தான் அழுகை வந்தது. தாரிகாவுக்குச் சங்கடமாகிவிட்டது. சண்டை பிடிக்கத்தான் வந்திருந்தாள்.

"அழாதேங்கோ அக்கா. மாறும் எண்டு டொக்டர் சொன்னவர். கிறீம் பூசுறன்" என்றாள்.

ஸீனத் போத்தலைத் திரும்ப வாங்கிக்கொண்டு, வேண்டியதை எடுத்துக்கொள்ளச் சொன்னார். தாரிகா வேண்டாம் என்று தலையாட்டினாள். "எனக்கு இனிச் சென்ட் எண்டாலே பயம்" என்று கதவுப் பக்கம் திரும்பினாள். பிறகு நின்றாள். "ஆனா கலியாணத்துக்கு ஒண்டும் போடாமல் நிக்கேலாது. காலமை ஏழு மணிக்குக் கோயில். ஏப்ரல் மாசம். பட்டுச் சீலை, ஓமப் புகை. பன்னிரண்டு மணிவரைக்கும் அதுக்குள்ள."

சுதர்சினி கண்ணைத் துடைத்துக்கொண்டாள். கேள்விகள் தாமாகவே வந்தன.

"தலையில என்னா பூ வைப்பீங்க?"

"மல்லிகை. கழுத்து மாலை ரோஜாவும் சம்பங்கியும்."

"அப்ப மல்லிகை, ரோஜா அத்தர் ரெண்டும் வேணாம். உண்மையான பூவுக்குப் பக்கத்துல போத்தல் பூ நிக்காது. ஸ்பிரிட் உள்ளதும் வேணாம், கழுத்துல எரியும். எண்ணெய் அத்தர்தான் நல்லது. அது தூரத்துக்கு அடிக்காது, உடம்போட ஒட்டி நிக்கும், பக்கத்துல வர்றவங்களுக்கு மட்டும் தெரியும். ஆனா ஸ்ப்ரே மாதிரி சீக்கிரம் பறக்காது. புகையில மெல்லிசானது தோத்துடும், அதனால வேர் வாசம், மர வாசம் வேணும்." நிறுத்திவிட்டு ஸீனத்தைப் பார்த்தாள். "எது நல்லா இருக்குனு நான் சொல்ல முடியாது மேடம். நீங்கதான் மணந்து சொல்லணும்."

ஸீனத் கோபம் தணியாத முகத்தோடுதான் அலுமாரியைத் திறந்தார். ஆனாலும் திறந்தார். மூன்று சிறு குப்பிகளை எடுத்தார். வெட்டிவேர், சந்தனம், தாழம்பூ. ஒவ்வொன்றையும் தன் முழங்கையில் ஒரு சொட்டு தொட்டுப் பார்த்தார்.

"தாழம்பூ கொஞ்சம் கூர்மை, கோயிலுக்குள்ள தலை சுத்தும். சந்தனம் நல்லம், ஆனா ஓமத்துக்குள்ள கரைஞ்சு போகும். வெட்டிவேர் குளிர்ச்சியா ஈக்கி. அடியில மண் வாசம், மேல கொஞ்சம் பச்சை."

"வெட்டிவேரும் சந்தனமும் சேத்து?" என்று கேட்டாள் சுதர்சினி.

இரண்டு பங்கு வெட்டிவேருக்கு ஒரு பங்கு சந்தனம் என்று கலந்தார்கள். தாரிகாவின் முழங்கையின் உட்புறத்தில் ஒரே ஒரு சொட்டு வைத்தார்கள். கழுத்தை யாரும் தொடவில்லை. கலந்ததில் கொஞ்சத்தைச் சுதர்சினி ஒரு சின்னக் குப்பியில் ஊற்றிக் கொடுத்தாள்.

"ரெண்டு நாள் பாருங்க. அந்த இடம் சிவந்தா வேணாம். சிவக்கலன்னா, இதுல ஒரு சொட்டுப் போட்டு வெயிலுக்குள்ள போய்ப் பாருங்க. என்ன நடந்துச்சுனு வந்து சொல்லுங்க. கழுத்து நல்லா ஆறுற வரைக்கும் எதையும் அங்க போடாதீங்க."

மூன்றாம் நாள் தாரிகா வந்தாள். கை சிவக்கவில்லை. அலுவலகம் முடிந்து வெள்ளவத்தைச் சந்தைக்குள் அரை மணி நேரம் மரக்கறி வாங்கிவிட்டு, வேர்த்து விறுவிறுத்து வந்திருந்தாள். கையை ஸீனத்திடம் நீட்டினாள். காலையில் போட்டது, ஒன்பது மணித்தியாலம் கழித்தும் இருந்தது. "முதல் மண் மணந்தது. இப்ப மரம் மாதிரி" என்றாள் தாரிகா. சுதர்சினி அந்தச் சொற்களை மனதில் வாங்கிக்கொண்டாள். தன் தலைக்குள் இருந்த வாசத்தோடு ஒப்பிட்டுப் பார்த்தாள். பொருந்தியது.

"குளிச்சுத் துடைச்சதும், வேர்க்கிறதுக்கு முந்திப் போடுங்க. முழங்கைக்குள்ள, முழங்காலுக்குப் பின்னால. பட்டுல படக்கூடாது, எண்ணெய்க் கறை போகாது" என்று சொல்லிக் குப்பியைக் கட்டிக் கொடுத்தாள்.

கல்யாணம் நடந்தது. தாரிகா அனுப்பிய செய்தி ஸீனத்தின் தொலைபேசிக்கு வந்தது: கன்னிகாதானம் முடிந்து சாப்பாட்டுக்குப் போகும்வரை மணம் இருந்தது, கழுத்தும் ஆறிவிட்டது. சயந்தனின் பெரியம்மா மூன்று முறை கிட்ட வந்து, என்ன பூசினாய் என்று கேட்டாவாம்.

ஸீனத் அவளை வேலையை விட்டு அனுப்பவில்லை. இரண்டு விஷயம் செய்தார். காட்சிக்கு வைக்கிற போத்தல்களில் நிறத் தண்ணீரை நிரப்பி, உண்மையான சரக்கு எல்லாவற்றையும் உள்ளே இருட்டு அலுமாரிக்கு மாற்றினார். பிறகு சுதர்சினியைக் காது, மூக்கு, தொண்டை டொக்டரிடம் தானே கூட்டிப் போனார். டொக்டர், நாலு வாசனையைக் காலையிலும் இரவிலும் முகர்ந்து பழகச் சொன்னார். ரோஜா, எலுமிச்சை, கராம்பு, யூக்கலிப்டஸ். ஒவ்வொன்றும் இருபது விநாடி. முகரும்போது அந்த வாசம் எப்படி இருந்தது என்று நினைக்க வேண்டும். குறைந்தது நாலு மாதம்.

"அதுக்கு நீ காசு குடுத்து எங்கயும் வாங்கத் தேவையில்ல" என்று ஸீனத் நாலு குப்பியில் நிரப்பிக் கொடுத்தார். கொடுக்கும்போதும் முகம் இறுக்கமாகத்தான் இருந்தது. அவர் பழையபடி சிரித்துப் பேச இன்னும் ஒரு மாதம் ஆனது.

தனுஷன் இரவில் மணிக்கூட்டைப் பார்த்து எண்ணுவான். அவள் குப்பியை வைத்துக்கொண்டு கண்ணை மூடி உட்கார்ந்திருப்பாள். ஏப்ரல் கடைசியில் ஒருநாள் கராம்பு வந்தது. வாசமாக வரவில்லை, மூக்கின் அடியில் ஒரு சின்னச் சூடாக வந்தது. அடுத்து வந்தது கோப்பி, ஆனால் டயர் எரிகிற நாற்றமாக. பயந்துபோய் டொக்டரிடம் போனாள். நரம்பு திரும்ப வளரும்போது இப்படித் தப்புத் தப்பாகச் சொல்லும், அது நல்ல அறிகுறி என்றார். ஐந்து மாதம் அவர்கள் வீட்டில் கோப்பி போடவில்லை.

அது நடந்து ஒன்றரை வருடமாகிவிட்டது. கராம்பு, எலுமிச்சை, சந்தனம், வெட்டிவேர் எல்லாம் திரும்பிவிட்டன. ரோஜா பாதிதான். மல்லிகை இன்னும் வரவில்லை. கோயிலுக்குப் போய் வருகிற பெண்கள் பஸ்ஸில் பக்கத்தில் உட்காரும்போது, அவர்கள் தலையில் பூ இருக்கிறது என்று கண்ணால்தான் தெரிந்துகொள்கிறாள்.

இப்போது கடைக்கு யாராவது மல்லிகை அத்தர் கேட்டு வந்தால், சுதர்சினி குப்பியைத் திறக்கும் முன்பே சொல்லிவிடுகிறாள்: "எனக்கு மல்லிகை தெரியாதுங்க. இது அசலா இல்லையானு மேடம்தான் சொல்லுவாங்க. நீங்க எங்க வேலை, வெயிலா ஏசியா, அதை மட்டும் எனக்குச் சொல்லுங்க."

சிலர் ஒருமாதிரி பார்த்துவிட்டு வேறு கடைக்குப் போகிறார்கள். பெரும்பாலானவர்கள் நின்று, தாங்கள் எங்கே வேலை செய்கிறோம் என்று சொல்லத் தொடங்குகிறார்கள்.